"சராசரி பேக்கேஜ் 6 லட்சம்" என்றால் என்ன அர்த்தம்?

அக்கா மகளுக்குக் கல்லூரி தேடி அலைந்தபோது ஒரு பொறியியல் கல்லூரியின் கையேட்டில் "சராசரி பேக்கேஜ் 6 லட்சம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அக்கா உடனே, "அப்போ சாதாரணமா படிச்சாலே மாசம் 50 ஆயிரம் வரும்ல?" என்றாள். இந்த இடத்தில்தான் பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குகின்றன. கையேட்டில் இருப்பது பொய்க்கணக்காக இருக்க வேண்டியதில்லை. கூட்டி வகுத்து வந்த எண்ணை, "நடுவில் இருக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது" என்று நாம் படித்துக்கொள்கிறோம்.

ஒரு வகுப்பில் 20 பேருக்கு வேலை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். இது நான் போட்ட கணக்குதான், ஆனால் நிஜத்தில் பார்க்கும் அமைப்பும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். 9 பேருக்கு ஆண்டுக்கு 3.5 லட்சம், 4 பேருக்கு 4 லட்சம், 3 பேருக்கு 4.5, 2 பேருக்கு 6, ஒருவருக்கு 7, இன்னொருவருக்கு 40 லட்சம். எல்லாம் சேர்த்தால் 120 லட்சம், 20 ஆல் வகுத்தால் 6. சராசரி சரிதான். ஆனால் அந்த 20 பேரில் 16 பேர் 6 லட்சத்துக்குக் கீழே! 40 லட்சம் வாங்கியவரை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள், மீதி 19 பேரின் சராசரி ஏறத்தாழ 4.2 லட்சத்துக்கு இறங்கிவிடும். அவருக்கு 40க்குப் பதில் 80 கிடைத்திருந்தால் சராசரி 8 ஆகியிருக்கும், மற்ற 19 பேர் கையில் ஒரு ரூபாய்கூடக் கூடாமலே.

இடைநிலை அளவு இப்படி ஆடாது. 20 பேரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்து நடுவில் வரும் 10ஆவது, 11ஆவது ஆளைப் பார்த்தால் இருவருக்குமே 4 லட்சம், ஆகவே இடைநிலை 4. கடைசி ஆளுக்கு 40 வந்தாலும் 80 வந்தாலும் அது 4தான், ஏனென்றால் அது எத்தனை பேர் மேலே, எத்தனை பேர் கீழே என்பதை மட்டும் எண்ணுகிறது. அக்கா கேட்ட கேள்விக்கு உண்மையில் பதில் சொல்லக்கூடியது இதுதான். முகடு, அதாவது அதிகம் பேருக்கு வந்த எண், 3.5 லட்சம். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்கள் ஒரே சம்பளத்தில் கும்பலாக ஆள் எடுக்கும் கல்லூரிகளில் முகடு பெரும்பாலும் அந்தத் தொகையிலேயே போய் நிற்கும்.

இதைப் படித்துவிட்டு "சரி, இனி இடைநிலையை மட்டும் நம்பினால் போதும்" என்று முடிவுக்கு வந்தால் அது அடுத்த தவறு, என் பார்வையில் இன்னும் மோசமான தவறு, ஏனென்றால் இதில் நாம் உஷார் ஆகிவிட்டோம் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. மேலே உள்ள கணக்கில் 3.5 லட்சம் வாங்கும் 9 பேருக்கும் 2 லட்சம்தான் கொடுத்தார்கள் என்று மாற்றிப் பாருங்கள். கிட்டத்தட்ட பாதி வகுப்பின் நிலைமை தலைகீழாகிவிட்டது, இடைநிலை மட்டும் அதே 4 லட்சத்தில் அசையாமல் நிற்கிறது. மேலே நடப்பதற்கு மசியாத அதே குணம் கீழே நடப்பதையும் மறைத்துவிடுகிறது. அதனால் "குறைவாக வாங்கும் கால்வாசிப் பேருக்கு எவ்வளவு வந்தது?" என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அதைவிட முக்கியம், யாரையெல்லாம் கணக்கில் எடுத்தார்கள் என்பது. அதே வகுப்பில் வேலைக்குப் பெயர் கொடுத்தவர்கள் 32 பேர், 12 பேருக்குக் கிடைக்கவில்லை என்று வையுங்கள். அவர்களைப் பூஜ்யமாகச் சேர்த்தால் சராசரி 6இலிருந்து 3.75 லட்சத்துக்கும், இடைநிலை 4இலிருந்து 3.5க்கும் இறங்கும். வேலை கிடைக்காதவர்கள் பாதிக்கு மேல் போய்விட்டால் இடைநிலையே பூஜ்யம்! எக்செல்லில் `AVERAGE`, `MEDIAN` இரண்டும் காலியாக விட்ட கட்டத்தை விட்டுவிடும், `0` என்று போட்டிருந்தால் எண்ணிக்கொள்ளும். எனவே கெட்ட எண்ணமே இல்லாமல்கூட, வேலை கிடைக்காதவர் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டதாலேயே கல்லூரியின் எண் உயர்ந்துவிட முடியும். அப்புறம், ஒரே பிள்ளைக்கு மூன்று நிறுவனங்கள் ஆஃபர் கொடுத்திருந்தால் மூன்றையும் தனித்தனி வரியாகப் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பெரிய சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் வழக்கமாகப் பல ஆஃபர் வரும்.

முகட்டில் வேறு சிக்கல். 3.50, 3.52, 3.48 என்று சம்பளங்கள் சில்லறையாக வேறுபட்டால் அதிகம் பேருக்கு வந்த எண் என்றே ஒன்று இருக்காது, எக்செல் `#N/A` என்று காட்டும். "3 முதல் 4 வரை, 4 முதல் 5 வரை" என்று பிரித்துக்கொண்டால் ஒரு முகடு கிடைக்கும், ஆனால் 2.5 முதல் 3.5 வரை என்று பிரிவை நகர்த்தினால் முகடும் நகர்ந்துவிடும். இரண்டு எண்கள் சமமான தடவை வந்தால் `MODE.SNGL` அவற்றில் ஒன்றை மட்டும் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும், எல்லாவற்றையும் பார்க்க `MODE.MULT` வேண்டும்.

இந்த இரட்டை முகடுதான் நான் எப்போதும் தேடுவது. பாதிப் பேர் 3.5 லட்சத்துக்குச் சேவை நிறுவனங்களிலும் மீதிப் பாதி 12 லட்சத்துக்கு மென்பொருள் தயாரிப்பு நிறுவனங்களிலும் சேர்ந்தால், சராசரியும் 7.75, இடைநிலையும் 7.75. இரண்டும் ஒத்துப்போகிறதே என்று நாம் நிம்மதி அடைவோம், ஆனால் அந்த வகுப்பில் 7.75 லட்சம் வாங்கியவர் ஒருவர்கூட இல்லை. அமெரிக்காவில் சட்டம் முடித்து வருபவர்களின் தொடக்கச் சம்பளம் 2000களிலிருந்து இப்படித்தான் இரண்டு குன்றாகப் பிரிந்து கிடக்கிறது. பெரிய சட்ட நிறுவனங்களில் சேர்பவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் எல்லாம் இன்னொரு பக்கம், நடுவிலிருக்கும் பள்ளத்தில் சராசரி. முகடுகள் இரண்டு என்று தெரிந்தால், நம் பிள்ளை எந்தக் குன்றில் ஏற வாய்ப்பு, அதற்கு எந்தப் பிரிவு, எவ்வளவு மதிப்பெண் என்று கேள்வியே மாறிவிடும்.

சராசரியை வேண்டாம் என்று ஒதுக்கவும் முடியாது. மொத்தம் தேவைப்படும் இடத்தில் அது ஒன்றுதான் உதவும். விடுதி மெஸ்ஸுக்கு 300 பேருக்கு எவ்வளவு அரிசி என்று கணக்குப் போட ஓர் ஆள் சாப்பிடும் சராசரியை 300 ஆல் பெருக்கினால் போதும், இடைநிலையைப் பெருக்கினால் நிறையச் சாப்பிடும் சிலருடைய பங்கு விடுபட்டு அரிசி பற்றாமல் போகலாம். ஆனால் சராசரிகளுக்குச் சராசரி எடுக்கும்போது ஜாக்கிரதை. கம்ப்யூட்டர் சயின்ஸில் 100 பேருக்குச் சராசரி 5 லட்சம், 5 பேர் மட்டும் படித்த ஒரு பிரிவில் 11 லட்சம் என்றால், இரண்டையும் கூட்டி 2 ஆல் வகுத்து "கல்லூரியின் சராசரி 8 லட்சம்" என்று போடுவது தவறு. 105 பேரையும் சேர்த்தால் 5.3 லட்சம்கூட முழுதாக வராது. இடைநிலைகளை இப்படி ஆள் எண்ணிக்கையோடு பெருக்கிச் சேர்க்கவும் வழியில்லை, மூலப் பட்டியலே வேண்டும்.

அக்காவுக்கு நான் காட்டியது மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் தரவுப் படிவம். அதில் பங்கேற்ற கல்லூரியாக இருந்தால், குறித்த காலத்தில் படிப்பை முடித்தவர்கள் எத்தனை பேர், வேலை கிடைத்தவர்கள் எத்தனை பேர், மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர், வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று ஆண்டுவாரியாக இருக்கும். முடித்தவர்களிலிருந்து மற்ற இரண்டையும் கழித்துப் பாருங்கள். மிச்சம் இருப்பவர்களில் சொந்தத் தொழில் பார்ப்பவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் இருக்கலாம், எல்லோரையும் வேலை கிடைக்காதவர் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அக்கா அந்தக் கழித்தலைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு, கையேட்டின் ஓரத்தில் பேனாவால் ஒரு கேள்வி எழுதிக்கொண்டாள்: "மீதி பேர் எங்கே?"