உரிம எண் சரியாக இருந்தாலும் உடனே பணம் கொடுத்துவிடாதீர்கள்

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வளைகுடா வேலை பற்றிய செய்தி இரண்டு திசைகளிலிருந்தும் வருகிறது. எர்ணாகுளத்தில் அலுவலகம் இருப்பதாக ஒருவர் சொல்வார். கோயம்புத்தூரில் இருப்பதாக இன்னொருவர் சொல்வார். ஊருக்கு வந்து பாஸ்போர்ட் நகலும் முன்பணமும் வாங்கிப் போகிறவர் யாரென்று பெரும்பாலும் எவருக்கும் தெரியாது. இந்தத் தூரமே ஏமாற்றுக்காரருக்கு வசதியாகிவிடுகிறது.

முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது இன்று பலருக்கும் தெரியும். ஆனால், காட்டப்பட்ட உரிம எண் உண்மையானது என்று தெரிந்தவுடன் சோதனையை நிறுத்திவிடுகிறோம். நான் கவனித்தவரையில் இதுதான் மிகப் பெரிய தவறு. உண்மையான நிறுவனத்தின் எண்ணை அதற்குத் தொடர்பே இல்லாதவர் தன் நோட்டீஸில் அச்சிட்டுக்கொள்வதைத் தடுக்க எதுவுமில்லை. எண் உண்மையாக இருந்தாலும் ஆள் பொய்யாக இருக்க முடியும்.

கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்த, பத்தாம் வகுப்பு முடிக்காத ஓர் எலக்ட்ரீஷியனுக்குத் துபாயில் பராமரிப்பு வேலை என்று வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வருவதாக வைத்துக்கொள்வோம். அதில் உரிம எண் இருக்கிறது, கைபேசி எண் இருக்கிறது, மொத்தச் செலவு 85,000 ரூபாய், முன்பணம் 20,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறது.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க, 1983 ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசின் பதிவு வேண்டும். எனவே முகவர் கேரளத்தவரா தமிழ்நாட்டவரா என்பது முக்கியமல்ல. இரு மாநிலத்தாரையும் emigrate.gov.in என்ற ஒரே தளத்தில் தேடலாம். அங்கே நிறுவனத்தின் பெயரும் முகவரியும், உரிமம் இப்போது செல்லுபடியாகிறதா, காலாவதியாகிவிட்டதா, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா என்ற விவரமும் கிடைக்கும். பதிவு இல்லாத முகவர்களின் பட்டியலும் அங்கே உண்டு. அந்தப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் நல்லவர் என்று எடுத்துக்கொள்வது தவறு. புகார் வந்த பெயர்களே அதில் ஏறுகின்றன, நேற்றுக் கடை திறந்தவரின் பெயர் அதில் இருக்காது.

அடுத்த அடியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நோட்டீஸில் உள்ள கைபேசி எண்ணை அழைத்து விசாரித்தால், விசாரிக்கப்படுபவரே விடையும் சொல்வார். தளத்தில் உள்ள விவரங்களைக் கொண்டு அந்த நிறுவனத்தையே நேராகத் தொடர்புகொண்டு, “இந்தப் பெயருள்ளவர் உங்கள் ஊழியரா? துபாயில் இந்த நிறுவனத்துக்கு நீங்கள் எலக்ட்ரீஷியன் எடுக்கிறீர்களா?” என்று கேட்க வேண்டும். நமது எடுத்துக்காட்டில், “எங்களுக்குப் பாலக்காட்டில் ஆளே இல்லை, துபாய்க்கு இப்போது எடுக்கவும் இல்லை” என்று அங்கிருந்து விடை வருமானால் விஷயம் அத்துடன் முடிந்தது. “அவர் எங்கள் சப்-ஏஜென்ட்” என்று விடை வந்தாலும் பணம் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் சட்டத்தில் சப்-ஏஜென்ட் என்று யாருக்கும் இடமில்லை. அவர் கையில் கொடுத்த பணத்துக்கு நாளை நிறுவனம் பொறுப்பேற்காது.

ஆள் உண்மை என்று தெரிந்த பிறகு வேலையும் உண்மையா என்று பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு முடிக்காததால் நமது எலக்ட்ரீஷியனிடம் இருப்பது ஈ.சி.ஆர். பாஸ்போர்ட். அத்தகையவர் ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். முகவர் மூலமாகப் போகும்போது, வெளிநாட்டு முதலாளியும் ஆள் தேவையும் அதே தளத்தில் பதிவாகியிருந்தால்தான் அந்த அனுமதி கிடைக்கும். எனவே முதலாளியின் பெயரையும் அந்தப் பதிவின் விவரத்தையும் எழுத்தில் கேட்பது நம் உரிமை; அவற்றைச் சொல்ல மறுப்பவரிடம் பெரும்பாலும் வேலையே இருக்காது. பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இந்த அனுமதி தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அவருக்கு ஆள் சேர்க்கும் முகவருக்கும் உரிமம் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. “உங்களுக்கு எதுவும் தேவையில்லை தம்பி” என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்கள்.

அமீரக வேலையைச் சரிபார்க்க இன்னொரு வழியும் உண்டு. அங்கே வேலை வாய்ப்புக் கடிதம் அந்நாட்டு மனிதவள அமைச்சகத்தின் படிவத்தில், தனக்கென ஓர் எண்ணுடன் தயாராகிறது. அந்த எண்ணை அமைச்சகத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். நிறுவனத்தின் லெட்டர்பேடில் முத்திரை குத்தி அனுப்பிய பி.டி.எஃப். அந்தக் கடிதத்துக்கு ஈடாகாது. அதை யார் வேண்டுமானாலும் அரைமணி நேரத்தில் செய்துவிடலாம்.

“முதலில் விசிட் விசாவில் போங்கள், அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்” என்ற பேச்சு வந்தால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அமீரகத்தில் அப்படி மாற்றிக்கொண்டவர்கள் இருப்பதால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. ஆனால் விசிட் விசாவில் இருந்துகொண்டு வேலை செய்வது அங்கே சட்டவிரோதம். ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் இப்படிப் போகிறவர் குடிபெயர்வு அனுமதியையும் தவிர்க்கிறார். அதனால் அனுமதியோடு சேர்ந்து வரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற 10 லட்சம் ரூபாய்க் காப்பீட்டையும், பதிவான ஒப்பந்தத்தையும் இழக்கிறார். இரண்டு ஆண்டுக்கு அந்தக் காப்பீட்டின் கட்டணம் 275 ரூபாய்தான். சம்பளம் வராதபோது இந்தியத் தூதரகத்திடம் காட்ட அவர் கையில் எந்தக் காகிதமும் இருக்காது.

இனிப் பணத்துக்கு வருவோம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தால் 35,400 ரூபாய். அதற்கு ரசீது கொடுத்தே ஆக வேண்டும். 85,000 கேட்பவரிடம் மீதி எதற்கு என்று கேட்டால் மெடிக்கல், டிக்கெட், விசா என்று கணக்குச் சொல்வார். அமீரகத்தின் 2021 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆள் சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்க முதலாளிக்கு அனுமதி இல்லை. ஆகவே ‘விசா காசு’ என்று தனியாகக் கேட்பதே கேள்விக்குரியது. மற்ற செலவு எதுவானாலும் தனித்தனி பில்லாக இருக்க வேண்டும்.

பணம் கட்டுவது என்று முடிவான பிறகும் கட்டும் முறையில் தவறு நேர்கிறது. ரொக்கமாகவோ, தனிநபரின் பெயரிலுள்ள ஜி-பே எண்ணுக்கோ அனுப்புவது பிற்பாடு எதையும் நிரூபிக்க முடியாமல் செய்துவிடும். தளத்தில் உள்ள அதே பெயரில் நிறுவனத்துக்கு இருக்கும் வங்கிக் கணக்குக்கே பணம் போக வேண்டும். அசல் பாஸ்போர்ட்டை ‘புக்கிங்’ என்ற பெயரில் கொடுத்துவைப்பதும் வேண்டாம். அதைத் திரும்பப் பெறுவதற்காகவே கூடுதல் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்கலாம். கேரளத்தில், வெளிநாடு வாழ் கேரளத்தவருக்கான மாநில அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸையும் அணுகலாம். முன்பணம் ஏற்கெனவே ஆன்லைனில் போய்விட்டிருந்தால் அன்றே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும், ஏனெனில் தாமதமானால் பணம் கணக்கு மாறிப் போய்விடும். பணம் வாங்கியவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், அங்கே போய்ப் புகார் கொடுங்கள் என்று நமது எல்லைப் பகுதிக் காவல் நிலையங்களில் திருப்பி அனுப்பினால், எல்லை எதுவானாலும் முதலில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2023 ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173 ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டிப் புகாரை அங்கேயே எழுத்தில் கொடுக்கலாம். நோட்டீஸின் படம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருந்து அந்தப் புகாருடன் இணைக்க வேண்டும்.