அறிவிப்பிலேயே தீர்ந்துபோகும் அறுபது வினாடி

ஓர் அறிவிப்பைப் படித்து, அதைப் பற்றி ஒரு மாணவி பேசுவதைக் கேட்டு, இரண்டையும் அறுபது வினாடியில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சிக்கு வந்த மாணவர் ஒருவரின் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் தெளிவு, உச்சரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 34ஆவது வினாடியிலும் அவர் அறிவிப்புப் பலகையை விட்டு இறங்கவில்லை. பல்கலைக்கழகம் என்ன முடிவு செய்தது, எப்போதிலிருந்து, எந்த இரண்டு காரணங்களுக்காக என்று அடுக்கிக்கொண்டே போனார். மாணவி என்ன நினைக்கிறாள் என்பதற்கு வந்து, அவளுடைய முதல் காரணத்தைப் பாதி சொன்னபோது நேரம் முடிந்தது. தேர்வு கேட்டது அந்த மாணவியைப் பற்றித்தான்.

படித்ததையும் கேட்டதையும் ஒன்றாக்கிப் பேசும் இந்தப் பயிற்சியைப் பெரும்பாலானோர் ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் டோஃபல் ஐபிடி தேர்வு வழியாகவே அறிவார்கள். 2019 ஆகஸ்ட் முதல் அதன் பேச்சுப் பகுதியில் இது இரண்டாவது பணியாக இருந்தது. 2026 ஜனவரியில் அந்தத் தேர்வு பேச்சுப் பகுதியை மாற்றியமைத்து இதை விட்டுவிட்டாலும், வகுப்பறைகளிலும் பயிற்சி நூல்களிலும் இந்த வடிவம் தொடர்கிறது. அமைப்பு எளிது. வளாகம் தொடர்பான ஓர் அறிவிப்பு 75 முதல் 100 சொற்களில் திரையில் வரும். படிக்க 45 அல்லது 50 வினாடி. பிறகு அது மறைந்துவிடும். அதைப் பற்றி இரண்டு மாணவர்கள் பேசிக்கொள்வது ஒரே ஒரு முறை ஒலிக்கும். அதன் பின்னரே கேள்வி வரும்: திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள், அந்த மாணவியின் கருத்தையும் அதற்கு அவள் தரும் காரணங்களையும் விளக்குங்கள். யோசிக்க 30 வினாடி, பேச 60 வினாடி.

கேள்வியில் 'சுருக்கமாக' என்ற சொல் அறிவிப்புக்கு மட்டுமே உரியது என்பதைக் கவனியுங்கள். 'விளக்குங்கள்' என்பது மாணவியின் காரணங்களுக்கு. அந்த இரண்டு வினைச்சொற்களை மாற்றிப் போட்டுக்கொள்வதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட.

ஓர் உதாரணத்தைக் கட்டிப் பார்ப்போம். அறிவிப்பு இப்படி: அடுத்த பருவம் முதல் இசைப் பயிற்சி அறைகளை ஒரு நாள் முன்பே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம்தான். காரணம் ஒன்று, அறை காலியாகும்வரை மாணவர்கள் வராந்தாவில் நின்று நேரத்தை வீணாக்குகிறார்கள். காரணம் இரண்டு, சிலர் நாள் முழுக்க ஒரே அறையைப் பிடித்துவைத்துக்கொள்கிறார்கள்.

உரையாடலில் மாணவிக்கு இது பிடிக்கவில்லை. காத்திருப்பு மாலையில் மட்டும்தான் நேர்கிறது, அதுவும் ஐந்து நிமிடம் தாண்டாது என்கிறாள். பத்து அறைகளில் நான்கில் பியானோ பழுதாகிக் கிடப்பதால்தான் மற்ற ஆறிலும் நெரிசல். அவற்றைச் சரிசெய்தால் பதிவுமுறையே தேவைப்படாது. இரண்டு மணி நேர வரம்பைப் பற்றிக் கேட்டால், அறையை வெகுநேரம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இறுதித் தேர்வுக் கச்சேரிக்குத் தயாராகிறவர்கள், அவர்களுக்கு இடைவிடாத நேரம் வேண்டும் என்கிறாள். அவளுடைய தோழிக்குப் போன பருவத்தில் நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் தேவைப்பட்டதாம். உடன் பேசும் மாணவன் 'அப்படியா', 'ஆனால் சிலர் காத்திருக்கிறார்களே' என்று வாயைக் கிளறுவதோடு சரி.

அந்த மாணவனின் வேலையே அதுதான். அவனுடைய தயக்கத்தையும் கேள்வியையும் பதிலில் சேர்ப்பது நேரத்தைத் தெருவில் கொட்டுவது. அதேபோல் உங்கள் சொந்தக் கருத்துக்கும் இங்கே இடமில்லை. பதிவுமுறை நல்லது என்று உங்களுக்குத் தோன்றலாம். அதை யாரும் கேட்கவில்லை.

இனி வினாடிக் கணக்கு. அறிவிப்புக்கு 10 முதல் 15 வினாடி, கருத்துக்கு ஒரு வாக்கியம், மிச்சம் உள்ளதை இரண்டு காரணங்களும் ஏறக்குறையச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 20 வினாடி கிடைத்தால் நல்லது. நடைமுறையில் பலர் முதல் காரணத்தில் லயித்து, இரண்டாவதற்கு எட்டு வினாடிதான் மிச்சம் என்பதைக் கடைசியில்தான் கண்டுகொள்கிறார்கள். இதற்கு நான் சொல்லும் வழி எளிது: திரையில் கடிகாரம் 25ஐக் காட்டும்போது நீங்கள் எங்கே இருந்தாலும் அந்த வாக்கியத்தை முடித்துவிட்டு இரண்டாவது காரணத்துக்குத் தாவிவிடுங்கள். கடிகாரம் இறங்குமுகமாக ஓடுவதால் 25 என்றால் 35 வினாடி கடந்துவிட்டது என்று பொருள்.

அறிவிப்பில் உள்ள காரணங்களை முன்னால் சொல்லவே வேண்டாமா என்று கேட்பார்கள். தொடக்கத்தில் வேண்டாம். 'இசைப் பயிற்சி அறைகளை இனி முன்பதிவு செய்ய வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும்' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். காரணங்கள் பிறகு, மாணவி அவற்றை மறுக்கும் இடத்தில், தாமாகவே வந்து உட்காரும். அடுத்த தவறு அங்கேதான் இருக்கிறது, கண்டுபிடிக்கக் கடினமான தவறும் அதுவே.

ஒரு மாணவர் இப்படிச் சொன்னதாக வைத்துக்கொள்வோம்: 'மாணவிக்கு இந்தத் திட்டம் பிடிக்கவில்லை. முதலாவதாக, நான்கு அறைகளில் பியானோ பழுதாக இருக்கிறது. இரண்டாவதாக, அவளுடைய தோழிக்கு நான்கு மணி நேரம் வேண்டும்.' ஒரு வாக்கியமும் பொய் இல்லை. ஆனால் உரையாடலைக் கேட்காத ஒருவருக்கு இது விளங்குமா? பியானோ பழுதானால் முன்பதிவு ஏன் கூடாது? முடிச்சு விடுபட்டுப்போயிருக்கிறது. டோஃபல் தேர்வில் இந்தப் பதிலுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டபோது பேச்சோட்டம், மொழி ஆகியவற்றோடு கருத்தை வளர்க்கும் விதத்தையும் பார்த்தார்கள். நன்றாகப் பேசுகிறவரும் 3இல் நின்றுவிடுவதற்கு இந்த அறுந்த முடிச்சு ஒரு காரணம்.

முடிச்சைப் போட ஒரு படி கூடுதலாகச் சொன்னால் போதும்: 'காத்திருப்பைக் குறைக்கவே இந்த ஏற்பாடு என்கிறது பல்கலைக்கழகம். ஆனால் காத்திருப்பதே மாலையில் சில நிமிடம்தான் என்கிறாள் மாணவி. அதற்கும் காரணம் நான்கு பியானோக்கள் பழுதானது. அவற்றைச் சரிசெய்தால் எல்லா அறைகளும் பயன்படும், முன்பதிவு தேவைப்படாது.' அறிவிப்பின் வாதம், அதற்கு மாணவியின் மறுப்பு, மறுப்புக்கு அவள் தரும் விவரம் என்று மூன்றும் ஒரே சங்கிலியில் வந்துவிட்டன. மாணவி திட்டத்தை ஆதரித்தாலும் சங்கிலி இதேதான். மறுப்பின் இடத்தில் 'ஆம், ஏனென்றால்' என்பது வரும்.

குறிப்பு எடுப்பதில் நடக்கும் தவறு இதற்கு முந்தைய கட்டத்தில் விளைகிறது. அறிவிப்பு திரையில் இருக்கும் 45 வினாடியும் பேனாவைக் கீழே வைக்காமல் எழுதுகிறவர்கள், உரையாடல் தொடங்கும்போது தாளில் இடமில்லாமல் ஓரத்தில் கிறுக்குகிறார்கள். நான் தாளை நெடுக இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன். இடப்பக்கம் அறிவிப்பு, நான்கைந்து சொற்களுக்கு மேல் கூடாது: முன்பதிவு, 2 மணி, 1 காத்திருப்பு, 2 பிடித்துவைத்தல். வலப்பக்கத்தை அந்தந்தக் காரணத்துக்கு நேராகக் காலியாக விடுங்கள். உரையாடலில் மாணவி காத்திருப்பைத் தொட்டதும் அந்த வரிக்கு நேராக: மாலை, 5 நிமிடம், பியானோ 4/10 பழுது. அடுத்ததற்கு நேராக: கச்சேரி, தொடர்ச்சி, தோழி 4 மணி. இப்போது தாளை இடமிருந்து வலமாகப் படித்தாலே முன்னே சொன்ன சங்கிலி கிடைத்துவிடும். யோசிக்கத் தரும் 30 வினாடியில் புதிதாக எதையும் எழுதாமல், முதல் வாக்கியத்தையும் இரண்டு காரணங்களின் தொடக்க வாக்கியங்களையும் வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தால் போதும். முழு வாக்கியங்களாக எழுதிவைத்துப் படிப்பவரின் குரல் தட்டையாகிவிடுவது பதிவில் உடனே தெரியும்.

இன்னொரு தவறு, தமிழில் யோசிப்பவர்களுக்கே உரியது. நம் மொழியில் பிறர் சொன்னதை அப்படியே வைத்துக் கடைசியில் 'என்று' போட்டுவிடலாம். 'நான் காத்திருந்ததே இல்லை என்று அவள் சொல்கிறாள்' என்றால் அந்த 'நான்' யார் என்பதில் நமக்குக் குழப்பம் வராது. இதே பழக்கத்தோடு ஆங்கிலத்தில் பேசும்போது 'ஷீ சேஸ் தட் ஐ நெவர் வெயிட்' என்று வந்துவிடுகிறது. கேட்பவருக்கு, காத்திருக்காதவர் நீங்கள் என்றாகிவிட்டது. அங்கே 'ஐ' என்பது 'ஷீ' ஆக வேண்டும், 'மை ஃப்ரெண்ட்' என்பது 'ஹர் ஃப்ரெண்ட்' ஆக வேண்டும். காதுக்குப் பழகும்வரை அவளுடைய வசனத்தை நீங்கள் மாற்றிச் சொல்லும் பயிற்சியைத் தனியாகச் செய்யுங்கள்: உரையாடலின் ஒரு வரி, அதை உடனே மூன்றாம் ஆளாக மாற்றி ஒரு வரி. 'ஷீ இஸ் டெல்லிங் தட்' என்று தொடங்கும் வழக்கத்தையும் அதே பயிற்சியில் விட்டுவிடலாம். 'ஷீ திங்க்ஸ்', 'ஷீ பாயிண்ட்ஸ் அவுட்' என்ற எளிய நிகழ்காலமே முழுப் பதிலுக்கும் தாங்கும்.

'நான் இப்போது இந்த அறிவிப்பைப் பற்றியும் உரையாடலைப் பற்றியும் பேசப்போகிறேன்' என்ற வகை முன்னுரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வினாடி போகிறது, ஒரு தகவலும் வரவில்லை. முடிவுரையும் அப்படியே. இரண்டாவது காரணத்தின் கடைசி விவரத்தைச் சொல்லி முடித்ததும், நான்கு வினாடி மிச்சமிருந்தால் இருக்கட்டும், வாயை மூடிக்கொள்ளலாம். ஆனால் பத்து வினாடிக்கு மேல் மிஞ்சினால் எங்கோ ஒரு விவரத்தை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். வலப்பக்கக் குறிப்பில் எந்தச் சொல்லை இன்னும் தொடவில்லை என்று பாருங்கள். நம் உதாரணத்தில் அது பெரும்பாலும் அந்தத் தோழியின் நான்கு மணி நேரமாக இருக்கும்.

பதில் சரியா என்று பார்க்க, உங்கள் பதிவை அறிவிப்பையும் உரையாடலையும் அறியாத ஒருவரிடம் கொடுங்கள். கேட்டு முடித்ததும் அவரிடம் இரண்டே கேள்வி: பல்கலைக்கழகம் ஏன் முன்பதிவைக் கொண்டுவருகிறது? அது ஏன் வீண் என்கிறாள் அந்த மாணவி? முதல் கேள்விக்கு விரிவாகவும் இரண்டாவதற்கு 'ஏதோ பியானோ கெட்டுவிட்டதாம்' என்றும் பதில் வந்தால், அந்த 34ஆவது வினாடிக்காரரின் பக்கத்தில்தான் நீங்களும் நிற்கிறீர்கள்.