ஈரச் சப்பாத்தும் முதல் ஏற்றமும்: தவறவிடாத காலை ஓட்டத்துக்கு

தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன் மாதத்தில், ஹட்டனுக்கு அருகில், கிழமைக்கு மூன்று காலைகள் ஓடுவதென்று தொடங்கினேன். முதல் நான்கு கிழமைகளின் 12 ஓட்டங்களில் ஏழைத் தவறவிட்டேன். சோம்பல் என்றே என்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் தவறிய ஒவ்வொரு நாளுக்கும் காரணத்தை ஒரு வரியில் கொப்பியில் எழுதிப் பார்த்தபோது, நான்கு நாட்களில் சப்பாத்து ஈரமாக இருந்ததும், இரண்டு நாட்களில் வாசலை ஒட்டிய ஏற்றத்தை நினைத்தே படுத்துக்கிடந்ததும் தெரிந்தது. ஒரு நாள் மட்டுமே காய்ச்சல். ஆகவே நீங்களும் முதலில் இரண்டு கிழமைகளுக்கு அந்தக் காரணங்களை எழுதுங்கள்.

மலைநாட்டு ஈரக்காற்றில், வெளியில் வைத்த சப்பாத்து மறுநாளும் காயாது. வந்தவுடன் உள்ளே இருக்கும் அடித்தாளைக் கழற்றித் தனியே வையுங்கள். நாடாவைத் தளர்த்தி, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி நுனிவரை திணியுங்கள். ஒரு மணித்தியாலத்தில் அந்தத் தாள் நனைந்துவிடும். நான் செய்யாமல் விட்டது இதுதான், நனைந்த தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாளைத் திணிக்க வேண்டும், படுக்கப் போகுமுன் மறுபடியும் மாற்ற வேண்டும். அவசரத்தில் ஒருமுறை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன், பசை இளகி அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. விலை உயர்ந்த ஒரு சோடியைவிடச் சாதாரணமான இரண்டு சோடிகளை மாற்றி மாற்றி அணிவதே இங்கு நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது ஏற்றம். குளிரில் இறுகிய காலோடு ஏற்றத்தில் ஓடத் தொடங்கினால், இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கும். மறுநாள் படுக்கையில் நினைவுக்கு வருவதும் அந்த இரண்டு நிமிடம்தான். ஆகவே ஏற்றத்தை நடந்தே ஏறி, தேயிலை மலையைச் சுற்றி மட்டமாகச் செல்லும் தோட்டப் பாதையை அடைந்த பிறகே ஓடுங்கள். முதல் மாதத்தில் ஒரு நிமிட ஓட்டமும் இரண்டு நிமிட நடையுமாக ஏழு சுற்றுகள் போதும். இரண்டாம் மாதத்தில் மூன்று நிமிட ஓட்டத்துக்கு ஒரு நிமிட நடை. மூன்றாம் மாதத்தில் நடையைக் குறைத்துக்கொண்டே வந்து, பக்கத்தில் ஒருவரோடு முழு வாக்கியமாகப் பேசக்கூடிய வேகத்தில், இருபது நிமிடம் தொடர்ந்து ஓடலாம். பேச்சு அறுந்தால் வேகம் அதிகம்.

மழை விடாத காலையில் குடையோடு பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்தாலும் அதை ஓட்டமாகவே கொப்பியில் எழுதுங்கள், ஏனெனில் அந்த நேரத்துக்கு எழுந்து வெளியேறுவதைத்தான் முதலில் பழக்குகிறோம். தவறிய ஓட்டத்தை ஈடுசெய்ய மறுநாள் இரட்டிப்பாக ஓடிய என் நண்பருக்கு முன்னங்கால் எலும்பை ஒட்டி வலி வந்து, பத்து நாட்கள் ஓட முடியாமல் போனது. தவறியதை விட்டுவிடுங்கள், ஒரு கிழமையில் இரண்டு ஓட்டங்கள் தவறினால், அடுத்த கிழமை அதே அளவையே திரும்பச் செய்யுங்கள்.