நெய்யை விட்டும் வயிறு உப்புவது ஏன்? லாக்டோஸ் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

எனக்குத் தெரிந்த ஒருவருக்குப் பால் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு பலூனாகிவிடும். பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை அவருடைய உடலால் முழுதாகச் செரிக்க முடியவில்லை என்று மருத்துவர் சொன்னார். அன்றைக்கே அவர் நெய்யையும் வெண்ணெயையும் சீஸையும் நிறுத்திவிட்டார். சாதாரணப் பாலுக்குப் பதில் கொழுப்பு நீக்கிய பாலை வாங்கினார். இரண்டு வாரம் கழித்தும் உப்பல் குறையவில்லை. குறையாததில் வியப்பில்லை. விட வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, விட வேண்டாததை விட்டிருந்தார்.

அவருடைய குழப்பம் பலருக்கும் உண்டு. பால் என்றாலே கொழுப்பு, கொழுப்பு என்றாலே செரிக்காது என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. லாக்டோஸ் கொழுப்பில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். பாலின் நீர் எங்கே போகிறதோ, இந்தச் சர்க்கரையும் அதன் பின்னாலேயே போகிறது. 100 மில்லி பாலில் ஏறத்தாழ 4.8 கிராம் லாக்டோஸ் இருக்கும். கொழுப்பை எடுத்துவிட்டால் அந்த அளவு குறைவதில்லை. சற்றே கூடுகிறது என்று சொல்வதுதான் சரி, ஏனென்றால் கொழுப்பு இருந்த இடத்தையும் சர்க்கரை கரைந்த நீரே நிரப்புகிறது.

சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி இந்தச் சர்க்கரையை குளுக்கோஸ், காலக்டோஸ் என இரண்டாக வெட்டினால்தான் உடல் அதை உறிஞ்ச முடியும். நொதி போதாதபோது வெட்டப்படாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. உப்பலும் இரைச்சலும் அதனால் வருபவை. செரிக்காத சர்க்கரை குடலுக்குள் நீரை இழுப்பதால் வயிற்றுப்போக்கும் வருகிறது. ஆகவே ஒரு பால் பொருள் நமக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். பாலின் நீர் அதிலிருந்து எவ்வளவு வெளியேறியிருக்கிறது? மிஞ்சிய சர்க்கரையைத் தின்ன பாக்டீரியாக்களுக்கு நேரம் கிடைத்ததா?

வெண்ணெயும் நெய்யும்

வெண்ணெயைக் கடைந்தெடுக்கும்போது லாக்டோஸில் பெரும்பகுதி மோரோடு போய்விடுகிறது. 100 கிராம் வெண்ணெயில் 80 கிராமுக்கு மேல் கொழுப்பு, 16 கிராம் அளவுக்கு நீர். அந்த நீரில் பாலில் இருந்த அதே விகிதத்தில் சர்க்கரை இருப்பதாகக் கொண்டாலும் 0.8 கிராமைத் தாண்டாது. ரொட்டியில் தடவும் 10 கிராம் வெண்ணெயில் அது 0.08 கிராம். 250 மில்லி பாலில் இருப்பதோ 12 கிராம். ஒரு கோப்பைப் பாலுக்கு ஈடான லாக்டோஸ் வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோ வெண்ணெய் தின்ன வேண்டும். அப்படித் தின்பவருக்கு லாக்டோஸ் பெரிய கவலையாக இருக்காது.

நெய்யைப் பற்றி ஒரு தவறான விளக்கம் உலவுகிறது. உருக்கும்போது நீரோடு சேர்ந்து லாக்டோஸும் ஆவியாகிவிடுகிறதாம். சர்க்கரை ஆவியாவதில்லை. நீர் வற்றியதும் அது புரதத்தோடு சேர்ந்து பழுப்பேறி, பாத்திரத்தின் அடியில் கசடாகத் தங்குகிறது. நெய்யின் மணத்துக்கே இந்தப் பழுப்பேறல்தான் காரணம். வடிகட்டி எடுத்த தெளிந்த நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். கசடைச் சுரண்டித் தின்றாலும் 100 கிராம் வெண்ணெயிலிருந்து வந்த மொத்த லாக்டோஸ் 0.8 கிராமுக்குள்தான் என்பதால், பெரும்பாலானோருக்கு அதுவும் தொல்லை தராது.

இங்கே ஆபத்தான தவறு வேறொன்று. லாக்டோஸ் செரியாமையும் பால் ஒவ்வாமையும் ஒன்றல்ல. ஒவ்வாமை பாலின் புரதத்துக்கு எதிராக உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு கிளர்ந்தெழுவது. தோல் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் என்று அது போகலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நெய்யில் லாக்டோஸ் இல்லை என்பதற்காக அதில் புரதத் துணுக்கே இருக்காது என்று கொள்ள முடியாது. ஒவ்வாமை உள்ளவருக்கு இந்தக் கட்டுரையின் கணக்குகள் எதுவும் பொருந்தாது.

சீஸ் என்ற ஒரே பெயர்

சீஸ் செய்யும்போது பால் திரைந்து, கட்டி தனியாகவும் தெளிநீர் தனியாகவும் பிரிகிறது. லாக்டோஸில் பெரும்பங்கு தெளிநீரோடு வெளியேறிவிடும். கட்டிக்குள் சிக்கிய மிச்சத்தைச் சேர்க்கப்பட்ட பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. செடார் போன்ற சீஸில் இந்த வேலை சில வாரங்களிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் முதிரவைப்பது சுவைக்காகத்தான். குறைந்தது 12 மாதம் முதிரும் பார்மிஜானோ ரெஜ்ஜானோவிலும், செடார், க்ருயேர், எமென்டால் ஆகியவற்றிலும் 100 கிராமுக்கு 0.1 கிராம்கூட லாக்டோஸ் மிஞ்சுவதில்லை.

ஆனால் கடையில் சீஸ் என்ற பெயரில் விற்பவை எல்லாம் இப்படி அல்ல. காட்டேஜ் சீஸும் க்ரீம் சீஸும் முதிராதவை. அவற்றில் 100 கிராமுக்கு 3 கிராம் அளவுக்கு லாக்டோஸ் இருக்கலாம். ரிக்கோட்டாவோ வெளியேறிய தெளிநீரையே மீண்டும் சூடாக்கித் திரட்டுவது. லாக்டோஸ் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்தே அது பிறக்கிறது. தனித்தனி உறையில் வரும் பதப்படுத்திய சீஸ் துண்டுகளில் பால் தூளோ தெளிநீர்த் தூளோ சேர்த்திருக்கக்கூடும். பாக்டீரியாக்கள் பாடுபட்டுத் தீர்த்த சர்க்கரையைத் தொழிற்சாலை திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எதுவும் சேர்க்காத சீஸில் லாக்டோஸையும் அதன் மிச்சங்களையும் தவிர வேறு சர்க்கரைக்கு வழியில்லை. ஊட்டச்சத்து அட்டவணையில் சர்க்கரை 0 அல்லது 0.1-க்குக் கீழே என்று இருந்து, சேர்மானப் பட்டியலில் பால், உப்பு, நுண்ணுயிர், திரைய வைக்கும் நொதி இவை மட்டும் இருந்தால் கவலை வேண்டாம்.

தயிர் புளித்தால் லாக்டோஸ் தீர்ந்துவிடுமா?

வெண்ணெய், நெய், சீஸ், தயிர் என்ற நான்கில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது தயிர்தான். அதுவும் இரண்டு எதிரெதிர்த் திசைகளில். புளித்துவிட்டதால் லாக்டோஸ் எல்லாம் போய்விட்டது என்று ஒரு கட்சி. பாலைப் போலவே இதிலும் லாக்டோஸ் இருப்பதால் தொடவே கூடாது என்று இன்னொரு கட்சி.

முதல் கட்சியின் தவறு எண்ணிக்கையில் இருக்கிறது. உறை சேர்த்ததும் பாக்டீரியாக்கள் லாக்டோஸைத் தின்று அமிலம் சுரக்கின்றன. அமிலம் ஏற ஏற அவையே சோர்ந்துபோகின்றன. அதற்குள் தீர்ந்திருப்பது மொத்தத்தில் கால் பங்கு அளவுதான். தயிர் கெட்டியாக வரவேண்டும் என்று பாலில் பால் தூள் கலந்திருந்தால், கிளம்பிய அளவே அதிகம் என்பதால் மிச்சமும் அதிகம். 150 கிராம் தயிரில் 5 முதல் 6 கிராம் லாக்டோஸ் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். வெண்ணெயோடும் முதிர்ந்த சீஸோடும் ஒப்பிட்டால் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இரண்டாம் கட்சி கவனிக்காதது, தயிர் தன் லாக்டோஸோடு அதை வெட்டும் நொதியையும் கொண்டுவருகிறது என்பதை. லாக்டோபாசில்லஸ் பல்காரிக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்ற இரண்டு பாக்டீரியாக்களின் உடலுக்குள் அந்த நொதி இருக்கிறது. உயிரணுவின் சுவர் அதை வயிற்றின் அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுகுடலில் பித்தநீர் பட்டதும் அந்தச் சுவர் இளகுகிறது, நொதி வேலையைத் தொடங்குகிறது. தயிர் கெட்டியாக இருப்பதால் வயிற்றிலிருந்து மெதுவாக இறங்குவதும் துணை செய்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் இந்த விளைவை ஏற்றுக்கொண்டது. ஒரு கிராம் தயிரில் குறைந்தது 10 கோடி உயிருள்ள பாக்டீரியாக்கள் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

உயிருள்ள என்ற சொல்தான் இதில் உயிர்நாடி. தயிரைக் கொதிக்கவைத்தால் நொதி அழிந்துவிடும், லாக்டோஸ் அப்படியே இருக்கும். வெறும் தயிர் ஒத்துக்கொள்கிறது, தயிர் ஊற்றிக் கொதிக்கவைத்த குழம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒருவர் சொன்னால் நான் அதை மனப்பிரமை என்று தள்ளமாட்டேன். நீண்ட நாள் கெடாமல் இருக்க, உறைந்த பிறகு சூடாக்கி அடைக்கும் தயிர்களுக்கும் இதே கதைதான்.

தயிரில் அட்டவணையைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. சீஸில் நம்பகமாக இருந்த சர்க்கரை வரி இங்கே உதவாது. பாக்டீரியாக்கள் குளுக்கோஸை விரும்பித் தின்றுவிட்டு காலக்டோஸைப் பெரும்பாலும் விட்டுவைக்கின்றன. அந்தக் காலக்டோஸும், தனியாகச் சேர்த்த சர்க்கரையும், பழத்தின் சர்க்கரையும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த எண்ணிலிருந்து லாக்டோஸை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. துணியில் கட்டி நீர் வடித்த தயிரில் லாக்டோஸ் ஓரளவு குறைவு, வடிந்த நீரோடு போய்விடுவதால். மேலே தேங்கும் நீரைச் சத்து என்று கலக்கிக் குடித்தால் அந்த ஆதாயமும் போயிற்று.

ஒரு காலை உணவின் கணக்கு

தொடக்கத்தில் சொன்ன நண்பரின் பழைய காலை உணவைக் கூட்டிப் பார்த்தோம். ரொட்டியில் 10 கிராம் வெண்ணெய், 30 கிராம் செடார், 150 கிராம் தயிர், 200 மில்லி பால் சேர்த்த காப்பி. வெண்ணெயில் 0.08 கிராம், செடாரில் அதிகம் போனால் 0.03, தயிரில் 5.5, காப்பியில் ஏறத்தாழ 9.6. மொத்தம் 15 கிராமுக்குச் சற்று மேல். செரிமானக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் வரை பெரிய தொல்லையின்றித் தாங்குவார்கள் என்பதும் அதே ஐரோப்பிய ஆணையம் 2010-இல் சொன்னது. அவர் அந்த எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தார். வெண்ணெயையும் சீஸையும் தியாகம் செய்து அவர் குறைத்தது 0.11 கிராம். கொழுப்பு நீக்கிய பால் அதைவிடக் கூடுதலாகவே திருப்பித் தந்திருக்கும்.

பிறகு ஒரு வாரம் பாலையும் பால் பொருள்களையும் முழுவதும் நிறுத்தினார். வயிறு அடங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தார். முதலில் நெய், வெண்ணெய், செடார். அடுத்து அரைக் கிண்ணம் தயிர், அதுவும் சாப்பாட்டோடு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் இடைவெளி விட்டார். தொல்லை வந்தால் அது உண்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒருநாள் நெய் சொட்டச் சொட்டச் சாப்பிட்டுவிட்டு வயிறு கனக்கிறது என்றார். வாயுவும் இல்லை, போக்கும் இல்லை. அது கொழுப்பு மெதுவாகச் செரிப்பதன் கனம்.

எல்லாம் சரியான பிறகும் சில காலைகளில் மட்டும் உப்பல் எட்டிப்பார்த்தது. ரொட்டியின் உறையைத் திருப்பிப் பார்த்தபோது சேர்மானத்தில் கொழுப்பு நீக்கிய பால் தூள் இருந்தது. அந்தத் தூளின் எடையில் பாதி லாக்டோஸ்.