இரண்டு சமநிலைகள் மோதி மறையும் இடம்: கிளைப்பிரிவு வரைபடம் வரைவது எப்படி?

ஒரு குளத்தில் மீன்கள் தாமாகவே பெருகுகின்றன. நாம் ஒவ்வொரு நாளும் அதில் ஒரே அளவு மீனைப் பிடிக்கிறோம். பிடிக்கும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் மீன்களின் தொகையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும் என்று தோன்றும். ஓர் எல்லை வரைக்கும் அப்படித்தான் நடக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் குளமே காலி. ஏன் என்பதைக் கிளைப்பிரிவு வரைபடம் ஒரே படத்தில் காட்டிவிடும். பைஃபர்கேஷன் டயக்ராம் என்று வகுப்பில் சொல்வது இதைத்தான். ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் சமன்பாடு இது:

```
dx/dt = x(1 - x) - h
```

x என்பது மீன்களின் தொகை. குளம் தாங்கக்கூடிய அதிகபட்சத் தொகையை 1 என்று வைத்திருக்கிறோம். h என்பது பிடிக்கும் வேகம். இதுதான் பாராமீட்டர்: காலத்தோடு மாறாது, நாம் திருகினால்தான் மாறும்.

படி 1: ஒரே ஒரு h-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள்

எடுத்த எடுப்பில் எல்லா h-க்கும் சேர்த்து யோசித்தால் குழப்பம்தான் மிஞ்சும். h = 0.21 என்று வைப்போம். சமநிலை என்றால் x மாறாமல் நிற்பது, அதாவது dx/dt = 0. அப்படியானால் x(1 - x) = 0.21. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் x = 0.3, x = 0.7 என்று இரண்டு விடைகள் வரும்.

இவற்றுக்கு இடையிலும் வெளியிலும் என்ன நடக்கிறது? ஒவ்வொரு பகுதியிலும் ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். x = 0.5 என்றால் 0.25 - 0.21 = 0.04, நேர்க்குறி, ஆகவே x ஏறும். x = 0.9 என்றால் 0.09 - 0.21 = -0.12, இறங்கும். x = 0.1 என்றாலும் அதே -0.12, இறங்கும்.

ஒரு செங்குத்துக் கோடு வரைந்து, 0.3, 0.7 இரண்டையும் அதில் குறித்து, மூன்று பகுதிகளிலும் அம்புகளைப் போடுங்கள். 0.7-ஐ நோக்கி இரண்டு பக்கமிருந்தும் அம்புகள் வருகின்றன, அது நிலையான சமநிலை. 0.3-ஐ விட்டு இரண்டு பக்கமும் அம்புகள் விலகிப் போகின்றன, அது நிலையற்றது. குளத்தின் மொழியில் சொன்னால், 0.3 ஒரு விளிம்பு. அதற்குச் சற்று மேலே இருந்தால் மீன் தேறிவிடும், சற்றுக் கீழே போனால் தேறாது.

படி 2: h-ஐத் திருகுங்கள்

h = 0.16 என்றால் சமநிலைகள் 0.2, 0.8. h = 0.21 என்றால் 0.3, 0.7. h = 0.24 என்றால் 0.4, 0.6. மேலே இருப்பது இறங்கி வர, கீழே இருப்பது ஏறி வர, இரண்டும் நெருங்குகின்றன. h = 0.25 ஆகும்போது 0.5-இல் மோதி ஒன்றாகின்றன. h = 0.26 என்றால்? x(1 - x)-இன் அதிகபட்ச மதிப்பே 0.25தான், ஆகவே எந்த x-ம் 0.26-ஐத் தராது. சமநிலை எதுவும் இல்லை. x எங்கே இருந்தாலும் அம்பு கீழ்நோக்கித்தான்.

நிலையான ஒன்றும் நிலையற்ற ஒன்றும் மோதி, இரண்டும் சேர்ந்து மறையும் இந்த வகைக்கு சேடில்-நோடு கிளைப்பிரிவு என்று பெயர். இதையே எதிர்த்திசையில், அதாவது h-ஐக் குறைத்துக்கொண்டு வந்து பார்த்தால், ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு சமநிலை தோன்றி இரண்டாகப் பிரிகிறது. பெயரில் உள்ள 'பிரிவு' அப்போதுதான் பொருந்துகிறது.

படி 3: படம் வரையுங்கள்

கிடை அச்சில் h, செங்குத்து அச்சில் x. முதல் முறை வரைந்தபோது நான் பழக்கதோஷத்தில் கிடை அச்சில் t-ஐப் போட்டேன். இந்தப் படத்தில் காலம் கிடையாது. ஒவ்வொரு செங்குத்துக் கோடும் படி 1-இல் வரைந்தது போன்ற ஒரு தனிக் கோடு, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கிறோம், அவ்வளவுதான்.

சமநிலைகளைக் குறிக்க ஒவ்வொரு h-க்கும் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியதில்லை. தலைகீழாகச் செய்யுங்கள்: x-ஐத் தேர்ந்தெடுத்து, h = x(1 - x) என்று கணக்கிடுங்கள். x = 0.7 என்றால் 0.7 × 0.3 = 0.21. பெருக்கல் மட்டும்தான். இந்தப் புள்ளிகளை இணைத்தால் பக்கவாட்டில் படுத்த ஒரு பரவளையம் கிடைக்கும், அதன் மூக்கு (0.25, 0.5)-இல் வலப்பக்கம் பார்த்து நிற்கும். x-ஐப் பிரித்தெடுக்கவே முடியாத சமன்பாடுகளிலும் h தனியாக வந்துவிட்டால் இந்த வழி கைகொடுக்கும்.

இப்போது எந்தப் பாதி நிலையானது என்று காட்ட வேண்டும். சமன்பாட்டின் வலப்பக்கத்தை x-ஐப் பொறுத்து வகையிட்டால் 1 - 2x. x > 0.5 என்றால் இது எதிர்க்குறி, ஆகவே மேல் பாதி நிலையானது, முழுக்கோடாக வரையுங்கள். கீழ்ப் பாதியில் நேர்க்குறி, நிலையற்றது, விட்டுவிட்டு வரையுங்கள். சரியாக மூக்கில் வகைக்கெழு 0 ஆகிவிடும், இந்தச் சோதனை அங்கே எதுவும் சொல்லாது. அம்புகளைப் பார்த்தால் தெரியும்: h = 0.25-இல் மேலிருந்து வருவது 0.5-ஐ நெருங்கும், கீழே இருப்பது விலகிப் போகும். அரைகுறை நிலைத்தன்மை.

கணினியில் பார்க்க விரும்பினால்:

```python
import numpy as np
import matplotlib.pyplot as plt

x = np.linspace(0.5, 1, 200)
plt.plot(x*(1-x), x, 'b-')
x = np.linspace(0, 0.5, 200)
plt.plot(x*(1-x), x, 'r--')
plt.xlabel('h')
plt.ylabel('x')
plt.show()
```

கடைசியாக அம்புகள். வளைவுக்கு உள்ளே x(1 - x) > h, எனவே எல்லா அம்பும் மேல்நோக்கி. வெளியே எல்லாம் கீழ்நோக்கி. போட்ட அம்புகள் முழுக்கோட்டை விட்டு விலகுவது போல் தெரிந்தால் எங்கோ குறி பிசகியிருக்கிறது.

படத்தைப் படிப்பது

h = 0.26-இல் சமநிலை இல்லை என்றோம். ஆனால் x உடனே விழுந்துவிடாது. 0.5-க்குப் பக்கத்தில் dx/dt வெறும் -0.01, அங்கே ஊர்ந்துதான் போகும். x = 1-இலிருந்து 0-க்கு வர 27.5 கால அலகுகள் ஆகும். h = 0.2501 என்றால் சுமார் 310. மறைந்துபோன சமநிலையின் நிழல் அந்த இடத்தில் இன்னும் கிடக்கிறது என்று சொல்லலாம். சிமுலேஷனைக் கொஞ்ச நேரமே ஓட்டுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்: x 0.5 அருகே கிட்டத்தட்ட நிற்பதைப் பார்த்து, சமநிலை வந்துவிட்டது என்று நிறுத்திவிடுவார்கள். (x, 0-ஐத் தொட்ட பிறகு இந்தச் சமன்பாட்டுக்குப் பொருள் கிடையாது, இல்லாத மீனைப் பிடிக்க முடியாதே.)

இன்னொன்று. h = 0.26 என்று பிடித்துக்கொண்டிருந்து, x 0.35-க்கு இறங்கியதும் விழித்துக்கொண்டு h-ஐ 0.24-க்குக் குறைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 0.24-இல் நிலையான சமநிலை 0.6 இருக்கத்தானே செய்கிறது, தேறிவிடுமா? படத்தில் (0.24, 0.35) புள்ளியைக் குறித்துப் பாருங்கள். அது விட்டுவிட்டு வரைந்த கோட்டுக்குக் கீழே, வளைவுக்கு வெளியே விழுகிறது. அம்பு இன்னும் கீழ்நோக்கித்தான். x மேலேற வேண்டுமானால் புள்ளி வளைவுக்குள் நுழைய வேண்டும், அதற்கு h, 0.35 × 0.65 = 0.2275-க்கும் கீழே போக வேண்டும். நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே x இறங்கிக்கொண்டிருக்கும். 0.3-ஐத் தொட்டுவிட்டால் 0.21-க்கும் கீழே குறைத்தாக வேண்டும்.