தோட்டத்து ஸ்பிரிங்க்ளர் தூரம் எட்டவில்லையா? ஒரு வாளி போதும், காரணம் தெரிந்துவிடும்

ஒரு மாடி வீடு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, கொல்லையில் செடிகள். குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. ஆனால் 30 மீட்டர் ஹோஸை மாட்டி ஸ்பிரிங்க்ளரை வைத்தால், காலடி மட்டும்தான் நனைகிறது. உடனே மோட்டார் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். அழுத்தம் எங்கே தொலைகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். நம் வீட்டில் அந்த உயரம் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் கையிருப்பு 0.7 பார்தான். இதற்கு மேல் ஒரு சொட்டு அழுத்தம்கூடக் கிடைக்காது. இருப்பதைத் தொலைக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை.

படி 1: குழாயடியில் அளவு

ஹோஸைக் கழற்றிவிட்டு, குழாயை முழுதாகத் திறந்து 10 லிட்டர் வாளியை நிரப்புங்கள். அரை நிமிடத்தில் நிரம்பினால் குழாய்வரை குறையில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்தால் கோளாறு ஹோஸில் இல்லை. தொட்டியடியில் உள்ள கேட் வால்வு பாதி மூடியிருக்கிறதா, லைனில் உள்ள ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: ஹோஸ் நுனியில் அளவு

ஸ்பிரிங்க்ளர் இல்லாமல் ஹோஸை மட்டும் மாட்டி, நுனியைத் தரைமட்டத்தில் வைத்து அதே வாளியை நிரப்புங்கள். அரை இஞ்ச் ஹோஸ் 30 மீட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அது நீளத்தால் வரும் இயல்பான இழப்பு. இரண்டு நிமிடம் ஆகிறதென்றால் வழியில் ஏதோ தடுக்கிறது.

நுனியை அடைத்துப் பிடித்து அழுத்தம் பார்த்து ஏமாற வேண்டாம். தண்ணீர் ஓடாதபோது, ஃபில்டர் முக்கால்வாசி அடைத்திருந்தாலும் அழுத்தம் முழுதாகவே தெரியும். ஓடும்போதுதான் இழப்பு.

படி 3: மடிப்பு

ஹோஸை உருளையிலிருந்து முழுதாகப் பிரித்து நேராகப் போடுங்கள். தண்ணீரைத் திறந்துவிட்டு, குழாயடியிலிருந்து அழுத்திப் பார்த்துக்கொண்டே நடங்கள். மடிப்புக்கு முன்னால் விறைப்பாகவும், தாண்டியதும் தொளதொளவென்றும் இருக்கும். வெயிலில் கிடந்து ஒரே இடத்தில் மடிந்து பழகிய ஹோஸை நீவிவிட்டாலும் மறுபடி அங்கேதான் மடியும். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஜாயின்ட் போடுவதே நல்லது. ஜாயின்டின் உள்துளை ஹோஸைவிடச் சிறியது என்பதால் அதையும் நாலைந்து இடத்தில் போடாதீர்கள்.

படி 4: ஃபில்டர்

ஹோஸ் கனெக்டரின் வாஷரோடு சேர்ந்த சின்ன வலை, ஸ்பிரிங்க்ளரின் நுழைவாயில் வலை, இரண்டையும் கழற்றிப் பாருங்கள். போர் தண்ணீர் என்றால் மணலும் உப்புப் படிவும் இருக்கும். மணலைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவலாம். வெள்ளை உப்பு என்றால் வினிகரில் சில மணி நேரம் ஊறவையுங்கள். வலையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அப்புறம் ஸ்பிரிங்க்ளரின் துளைகள் அடைத்துக்கொள்ளும்.

நன்றாக ஓடியது திடீரென்று குறைந்தால் மடிப்பைச் சந்தேகிக்கலாம். நாளாக ஆகக் குறைந்தால் ஃபில்டர். வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் என்றால் அடுத்த படி.

படி 5: நீளமும் துளையும்

கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இது. அரை இஞ்ச், 30 மீட்டர் ஹோஸில் நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால், நம் 7 மீட்டர் உயரம் தரும் அழுத்தத்தில் கிட்டத்தட்ட 6 மீட்டர் அளவு உராய்விலேயே போய்விடும். ஸ்பிரிங்க்ளருக்கு மிஞ்சுவது ஒரு மீட்டர். அதே ஹோஸில் 5 லிட்டர் மட்டும் ஓடினால் இழப்பு இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஐந்து மீட்டருக்கு மேல் மிஞ்சும். ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் தூரம் பாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் பெரிய துளை ஸ்பிரிங்க்ளரை எடுத்துவிட்டு, நிமிடத்துக்கு 4, 5 லிட்டருக்குள் எடுக்கும் சின்ன ஸ்பிரிங்க்ளரை மாட்டிப் பாருங்கள். ஒரு ஹோஸில் இரண்டைச் சேர்த்து ஓட்ட வேண்டாம். துளையை மாற்ற முடியாதென்றால் முக்கால் இஞ்ச் ஹோஸ் வாங்குங்கள். அதே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு ஏழில் ஒரு பங்காகக் குறையும். இரு முனைக் கனெக்டர்களும் முக்கால் இஞ்சாக இருக்க வேண்டும்.

இதற்கு மேல் முடியாது என்பது எப்போது?

டக் டக்கென்று தட்டிச் சுழலும் வயல் ஸ்பிரிங்க்ளருக்கு 2 பார் அளவுக்கு அழுத்தம் வேண்டும். தொட்டியை 20 மீட்டர் உயரத்தில் வைத்தால்தான் அது கிடைக்கும். மேலே சொன்ன எதுவும் அதற்கு உதவாது. தொட்டி லைனில் பிரஷர் பம்ப் வைக்க வேண்டும், இல்லையென்றால் போர் மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாயில் வால்வோடு ஒரு கிளை எடுத்து, மோட்டார் ஓடும்போது பாய்ச்ச வேண்டும். அப்படிச் செய்தால் கனெக்டர்களில் கிளிப்பை நன்றாக முறுக்கிவிடுங்கள். 0.7 பாருக்குத் தாங்கிய தளர்ந்த இணைப்பு, பம்ப் அழுத்தத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.