நிஃப்டி ஒரே நாளில் எவ்வளவு விழும்? மணி வளைவை நம்பாமல் நீங்களே எண்ணிப் பாருங்கள்

சேலம் ஸ்டீல் பிளாண்டில் ஓய்வு பெற்ற என் சித்தப்பா 2019இல் கேட்டார்: "ஒரே நாள்ல அதிகபட்சம் எவ்வளவுப்பா இறங்கும்?" தினசரி மாற்றம் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்று சொல்லும் திட்ட விலக்கத்தை, நடுவில் குவிந்து ஓரங்களில் மெலியும் மணி வளைவில் வைத்துக் கணக்குப் போட்டு, "ஆறு சதவீதமெல்லாம் நம்ம ஆயுசுல வராது சித்தப்பா" என்று சொன்னேன். 2020 மார்ச் 23 காலையில் பத்து சதவீதச் சரிவில் வர்த்தகம் 45 நிமிடம் நின்றது. அன்று முடிவில் நிஃப்டி 12.98% கீழே. அவர் பணத்துக்கு நான் சொன்ன பதில் தப்பு. எங்கே தப்பினேன் என்று பிறகு உட்கார்ந்து பார்த்த வழிதான் இது.

முதலில் நிஃப்டி 50இன் தினசரி முடிவு விலையை 2007இலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். என்எஸ்இ குறியீட்டுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நான் லிப்ரே ஆஃபிஸ் கால்க்தான் பயன்படுத்துகிறேன். பெரிய கோப்பை மொபைலில் திறந்து அவதிப்படாதீர்கள். A பத்தியில் தேதி, B பத்தியில் விலை.

நான் ஒரு முழு மாலையைத் தொலைத்தது அடுத்த படியில்தான். இறக்கிய கோப்பில் பெரும்பாலும் புதிய தேதி மேலே இருக்கும். அப்படியே கணக்குப் போட்டால் சரிவெல்லாம் ஏற்றமாக மாறிவிடும். 2020 மார்ச் 23இன் சரிவு எனக்கு மார்ச் 20 வரியில் +14.9% என்று வந்தது. பழைய தேதி மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். வரிசைப்படுத்தியும் ஏப்ரலெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நின்றால், தேதி வெறும் எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது. அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி வரிசைப்படுத்துங்கள். பிறகு இதை C3இல் போட்டுக் கீழே வரை இழுங்கள்:

```
=B3/B2-1
```

மார்ச் 23 வரியில் -12.98% வந்தால்தான் அடுத்த படிக்குப் போங்கள்.

இப்போது E1இல் சராசரி, E2இல் திட்ட விலக்கம், E3இல் நான்கு விலக்கத்துக்கு மேல் விழும் என்று மணி வளைவு எதிர்பார்க்கும் நாட்கள், E4இல் உண்மையில் அப்படி விழுந்த நாட்கள்:

```
=AVERAGE(C3:C5000)
=STDEV.S(C3:C5000)
=COUNT(C3:C5000)*NORM.S.DIST(-4,TRUE)
=COUNTIF(C3:C5000,"<"&(E1-4*E2))
```

E2 சுமார் 1.3 முதல் 1.4 சதவீதம் வரும். நான்கு விலக்கம் என்றால் ஐந்தரை சதவீதத்தை ஒட்டிய சரிவு. மணி வளைவின்படி அது சுமார் 31,500 வர்த்தக நாளுக்கு ஒரு முறை, அதாவது 126 வருஷத்துக்கு ஒரு தடவை. 4,500 நாள் தரவில் E3 0.14 என்றுதான் காட்டும். E4ஐப் பாருங்கள். 2008 ஜனவரி 21, 2008 அக்டோபர் 24, 2015 ஆகஸ்ட் 24, 2020 மார்ச் 12, மார்ச் 23, 2024 ஜூன் 4. நினைவிலிருந்து சொல்வதே ஆறு. உங்கள் பட்டியலில் இன்னும் இருக்கும். வளைவின் ஓரம் அது சொல்வதைவிட இப்படிக் கனமாக இருப்பதைத்தான் தடித்த வால் என்கிறார்கள்.

வாலின் தடிமனை ஒரே எண்ணாகத் தரும் KURT சூத்திரம் ஒன்றைப் போட்டாலே போதும் என்பார்கள் சிலர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மார்ச் 23 வரியை மட்டும் நீக்கிவிட்டு KURT எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள், ஏன் என்று புரியும். நாட்களை எண்ணுவதே நேர்மையான வழி.

வால் ஏன் தடிக்கிறது? சின்னக்கடை வீதியில் ஒரு கூடை மாம்பழத்தை எடை போட்டால் மணி வளைவு ஓரளவு பொருந்தும். ஒரு பழம் பருத்ததால் பக்கத்துப் பழம் பருப்பதில்லை. சந்தையில் ஒருவர் விற்பதால் விலை இறங்குகிறது, இறங்கியதால் புரோக்கர் கடனில் வாங்கிய இன்னொருவரிடம் மார்ஜின் என்ற கூடுதல் ஈட்டுப் பணத்தைக் கேட்கிறார், அவரும் விற்கிறார். ஏற்காடு ஏறும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பனிமூட்டம் இருந்தால் அடுத்த வளைவிலும் இருக்கும் இல்லையா, அதே மாதிரி மோசமான நாட்கள் சேர்ந்தே வருகின்றன. மணி வளைவோ ஒவ்வொரு நாளும் தனித்தனி என்றும், விலக்கம் மாறவே மாறாது என்றும் வைத்துக்கொள்கிறது.

பிற்சேர்க்கை: ஒரு வாசகர் "எனக்கு E4 பூஜ்யம்தான் வருகிறது" என்று எழுதியிருந்தார். அவர் 2023 தரவை மட்டும் எடுத்திருந்தார். அந்த வருஷம் அமைதியான வருஷம். தினசரி விலக்கமே 0.6%ஐ ஒட்டித்தான். அதை வைத்து அளந்தால் 2024 ஜூன் 4இன் 5.93% சரிவு ஒன்பது மடங்கு விலக்கத்துக்கும் மேலே போகிறது. 2008உம் 2020உம் இல்லாத தரவில் வாலைத் தேடாதீர்கள். இருந்தாலும் உங்கள் தரவின் மிகப் பெரிய சரிவையே எல்லையாக எடுத்துக்கொள்ள முடியாது: 1987 அக்டோபர் 19இல் அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6% விழுந்தது.

சித்தப்பாவுக்கு இப்போது விலக்கக் கணக்கு சொல்வதில்லை. "நாளைக்குக் காலைல 13% போச்சுன்னா, அடுத்த ஒரு வருஷச் செலவுக்கு இதை விக்க வேண்டியிருக்குமா?" என்று மட்டும் கேட்கிறேன். விற்க வேண்டியிருக்கும் தொகையை வங்கி வைப்பில் போட்டுவிட்டார்.